தொண்ணூறு சொல்லை எங்கே வெட்டுவது?

மருத்துவ மாநாடுகளுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கும்போது, முதுநிலை மாணவர் விடுதிகளில் பல அறைகளில் விளக்கு அணைவதில்லை. ஆய்வு முடிந்திருக்கும், அட்டவணைகள் தயாராக இருக்கும், சுருக்கமும் எழுதியாகியிருக்கும். அதை இணையப் படிவத்தில் ஒட்டியதும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்: வரம்பு 250 சொற்கள், உங்கள் சுருக்கத்தில் 340 சொற்கள். இன்னும் சில மணி நேரத்தில் தொண்ணூறு சொல்லைக் குறைத்தாக வேண்டும்.

அந்த அவசரத்தில் எதை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, ஆய்வு சொல்லும் செய்தியே மாறிவிடலாம். கை முதலில் போவது நமக்குப் பிடிக்காத எண்ணின் மேல்தான். பாதியில் விலகியவர்களின் எண்ணிக்கை, எதிர்பார்த்த பலன் தெரியாத முதன்மை முடிவு, பக்கவிளைவு பற்றிய வரி ஆகியவை சத்தமில்லாமல் போய்விடும். 'உலகெங்கும் இது ஒரு முக்கியமான பொதுச் சுகாதாரப் பிரச்சினை' என்ற முதல் வரி மட்டும் கடைசிவரை அசையாமல் நிற்கும்.

இதில் இவ்வளவு கவலைப்பட என்ன இருக்கிறது, முழுக் கட்டுரையில் எல்லாம் வந்துவிடுமே என்று கேட்கலாம். பெரும்பாலும் வருவதில்லை. மாநாடுகளில் வாசிக்கப்பட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2018இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. அவற்றில் முழுக் கட்டுரையாக அச்சேறியவை ஏறத்தாழ 37 சதவீதம்தான். மற்றவற்றுக்கு அந்த 250 சொல்தான் உலகத்துக்குத் தெரியும் ஒரே பதிவு. பின்னால் அதே கேள்வியை ஆராய்கிறவர் தேடி எடுப்பதும் அதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். ஆய்வும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் கேள்வி உண்மையானது. இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதா? ஒரு வேளை மாத்திரை எடுத்ததும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உடலில் கூடி, மறுநாள் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்று சூரிச்சில் நடந்த ஆய்வுகள் காட்டியதிலிருந்து பல நாடுகளில் இது பேசப்படுகிறது.

நம் மாணவி ஒரு மருத்துவமனையில் 200 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் நூறு நூறு பேராகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் தினமும் மாத்திரை, மற்றதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டு வாரம் கழித்து ஹீமோகுளோபின் எவ்வளவு கூடியது என்பதே அவர் ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைத்த முதன்மைக் கேள்வி. தினக் குழுவில் 12 பேரும் மற்றதில் 8 பேரும் இடையில் விலகிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் 88, 92. ஹீமோகுளோபின் தினக் குழுவில் சராசரியாக 1.6 கிராம் கூடியது, மற்றதில் 1.5 கிராம், இரண்டும் ஒரு டெசிலிட்டருக்கு. குமட்டல், மலச்சிக்கல் போன்ற வயிற்றுத் தொல்லை தினக் குழுவில் 36 பேருக்கு வந்தது, மற்றதில் 20 பேருக்கு.

அவர் எழுதிய 340 சொல்லில் பின்னணிக்கு 95, செய்முறைக்கு 110, முடிவுகளுக்கு 85, தீர்வுரைக்கு 50. இந்தப் பங்கீடே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. மாநாட்டுக்கு வருகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது முடிவை. அதற்கு ஒதுக்கிய இடமோ பின்னணியைவிடக் குறைவு.

வெட்டும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எதைத் தொடக் கூடாது என்று அடிக்கோடு இட்டுவிட வேண்டும். இந்த ஆய்வில் அவை: குலுக்கல் முறையில் பிரித்தது, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கணக்கில் வந்தார்கள், முதன்மைக் கேள்விக்கு இரு குழுவின் எண்கள், அவற்றின் வேறுபாடு, அந்த வேறுபாட்டின் நம்பக இடைவெளி, பக்கவிளைவு. ஆய்வைப் பதிவு செய்த எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு அதிக இடம் ஆகாது. இந்தப் பட்டியல் என் விருப்பத்துக்குப் போட்டதல்ல. குலுக்கல் முறை ஆய்வுகளின் சுருக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கன்சார்ட் குழு 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் இவையெல்லாம் இருக்கின்றன. 250 முதல் 300 சொல்லுக்குள் இவை அடங்கும் என்றும் அக்குழு சொல்கிறது. ஆகவே இடம் போதவில்லை என்பது பெரும்பாலும் சரியான காரணமாக இருக்காது.

இனிப் பின்னணி. அந்த 95 சொல்லில் கர்ப்பிணிகளின் இரத்தசோகை எவ்வளவு பரவியிருக்கிறது என்று இரண்டு வாக்கியம், அதனால் வரும் தீங்குகள் பற்றி ஒரு வாக்கியம், ஹெப்சிடின் பற்றி ஒரு நீண்ட வாக்கியம், கடைசியில் ஆய்வின் நோக்கம். இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது உண்மைதான், கவலைக்குரியதும்தான். ஆனால் மகப்பேறு மருத்துவர்கள் நிறைந்த அரங்கில் அது யாருக்கும் புதிதல்ல. ஹெப்சிடின் விளக்கம் சுவரொட்டியில் படத்தோடு வரட்டும். சுருக்கத்தில் இரண்டு வாக்கியம் போதும்: 'தினமும் இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் கர்ப்பிணிகளில் சிலர் வயிற்றுத் தொல்லையால் நிறுத்திவிடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஹீமோகுளோபின் எவ்வளவு கூடும் என்று ஒப்பிட்டோம்.' ஆங்கிலத்தில் இதை எழுத 35 சொல் போதும். அறுபது சொல் மிச்சம். மூன்றில் இரண்டு பங்கு வேலை இங்கேயே முடிந்துவிட்டது, ஒரு முடிவைக்கூடத் தொடவில்லை.

செய்முறைப் பகுதியில் வெட்டக்கூடியவை வழக்கச் சொற்கள். எந்த மென்பொருளில் கணக்கிட்டோம், அதன் எத்தனையாவது பதிப்பு, பி மதிப்பு எவ்வளவுக்குக் கீழே இருந்தால் பொருட்படுத்தினோம், சோதனைக்குழாயில் எத்தனை மில்லி இரத்தம் எடுத்தோம் என்பவை முழுக் கட்டுரைக்கு உரியவை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பல படிவங்களில் தனிக் கட்டம் இருக்கிறது. அப்படி இருந்தால் அதைச் சுருக்கத்துக்குள் மறுபடி எழுத வேண்டியதில்லை. தலைப்பையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பல மாநாடுகளில் தலைப்பு சொற்கணக்கில் சேராது. 'குலுக்கல் முறை ஒப்பீட்டு ஆய்வு' என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால், உள்ளே அதற்கு ஒரு வாக்கியம் செலவழிக்க வேண்டாம். இப்படி 110 சொல் 85 ஆகிறது.

முடிவுப் பகுதியில்தான் நிதானம் தேவை. மாணவியின் முதல் வரைவில் அது இப்படித் தொடங்கியது: ஒருநாள் விட்டு ஒருநாள் குழுவில் வயிற்றுத் தொல்லை 47 சதவீதம் குறைந்தது. ஹீமோகுளோபின் பற்றிக் கடைசியில் ஒரு வரி: இரு குழுக்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எண் இல்லை, இடைவெளி இல்லை. இன்னும் பத்துச் சொல் குறைக்க வேண்டியிருந்தால் அந்தக் கடைசி வரியும் போயிருக்கும். அதன்பின் இந்த ஆய்வு எதைக் கண்டுபிடிக்கத் தொடங்கியதோ அதைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

இது ஒரு மாணவியின் பழக்கம் மட்டுமல்ல. பாரிஸைச் சேர்ந்த இசபெல் புத்ரோனும் உடனுழைப்பாளர்களும் 2010இல், முதன்மைக் கேள்விக்குத் தெளிவான பலன் கிடைக்காத 72 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் படித்தார்கள். அவற்றில் 58 சதவீதத்தில், சுருக்கத்தின் தீர்வுரை வாசகரை வேறு பக்கம் திருப்பியிருந்தது. துணைக் கேள்வி ஒன்றில் கிடைத்த நல்ல முடிவை முன்னால் நிறுத்தியது, வேறுபாடு தெரியவில்லை என்பதை இரண்டும் சமம் என்று எழுதியது போன்றவை அவர்கள் கண்ட வழிகள். எல்லாரும் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. இடம் குறைவாக இருக்கும்போது அழகான எண் தானாக மேலே வந்துவிடுகிறது.

அந்த 47 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தினக் குழுவில் 88 பேரில் 36 பேருக்குத் தொல்லை, அதாவது 41 சதவீதம். மற்றதில் 92இல் 20, அதாவது 22 சதவீதம். நூறு பேருக்குப் பார்த்தால் 19 பேர் குறைவு. 41 இருந்த இடத்தில் 22 வந்ததை விகிதமாகச் சொன்னால் ஏறத்தாழ 47 சதவீதக் குறைவு. இரண்டு கணக்கும் சரி. ஆனால் 47 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு வரும் தொல்லை இது என்று யாராலும் சொல்ல முடியாது. நூற்றில் இரண்டு பேருக்கு வருவது ஒருவராகக் குறைந்தாலும் அது 50 சதவீதக் குறைவுதானே. ஆகவே இரு குழுவின் எண்களையும் வகுக்கும் எண்ணோடு எழுத வேண்டும்: 36/88, 20/92. சாய்கோட்டுக்கு இருபுறமும் இடைவெளி விடாமல் எழுதினால் ஒவ்வொன்றும் சொல்லெண்ணியில் ஒரே சொல்தான். வாசகருக்கு இதைவிட மலிவாக இவ்வளவு தகவலைக் கொடுக்க வழியே இல்லை.

அடுத்தது ஹீமோகுளோபின். 1.6, 1.5. வேறுபாடு 0.1 கிராம், அதன் 95 சதவீத நம்பக இடைவெளி −0.1 முதல் 0.3 வரை. பி மதிப்பு 0.32. இடைவெளி என்ன சொல்கிறது என்றால், தினமும் கொடுப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் 0.3 கிராம் வரை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், சிறிது குறைவாகவும் இருக்கலாம். இந்தத் தரவு இம்மூன்றோடும் பொருந்துகிறது. 0.3 கிராம் பெரிதா சிறிதா என்று முடிவு செய்வது படிக்கும் மருத்துவரின் உரிமை. இடைவெளியை வெட்டிவிட்டால் அந்த உரிமையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் பி மதிப்பை விட்டுவிட்டு இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பி மதிப்பு 0.32 என்பதிலிருந்து வேறுபாட்டின் அளவு தெரியாது. இடைவெளி பூஜ்யத்தைத் தாண்டிக் கிடப்பதைப் பார்த்தாலே மற்றது புரிந்துவிடும்.

விலகியவர்களையும் வரைவில் காணோம். 200 பேர் சேர்ந்தார்கள் என்று செய்முறையில் இருக்கிறது, முடிவில் 88, 92 என்று வருகிறது. இருபது பேர் எங்கே போனார்கள்? தினக் குழுவிலிருந்து விலகிய 12 பேரில் சிலர் வயிற்றுத் தொல்லையாலேயே போயிருந்தால், 36 என்ற எண் உண்மையைவிடக் குறைவானது. 'விலகியோர் 12, 8' என்று எழுத மூன்று சொல் போதும். அந்த மூன்று சொல் இல்லாத சுருக்கத்தை விவரம் தெரிந்த தேர்வாளர் ஐயத்தோடுதான் படிப்பார்.

இவற்றையெல்லாம் சேர்த்ததும் முடிவுப் பகுதி 85இலிருந்து 95 சொல்லாகக் கூடுகிறது. வெட்டும் வேலையில் ஒரு பகுதி வளர்வது தவறல்ல, அதற்காகத்தான் மற்ற இடங்களில் வெட்டினோம்.

தீர்வுரையில் 50 சொல் இருந்தது. 'ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை தினசரி மாத்திரைக்குச் சமமான பலன் தரும், பாதுகாப்பானது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கலாம். மேலும் ஆய்வுகள் தேவை' என்ற பொருளில் நீண்டது. சமம் என்று நிறுவ இந்த ஆய்வு திட்டமிடப்படவில்லை. அதற்கு எவ்வளவு வேறுபாடு வரை பொறுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே ஒரு எல்லை குறித்து, அதற்கேற்ற எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்த்திருக்க வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்பது ஒரு மருத்துவமனையின் 180 பேரை வைத்துச் சொல்லக்கூடியதல்ல. மேலும் ஆய்வு தேவை என்பதை எந்த ஆய்வின் கீழும் ஒட்டலாம், ஆகவே இங்கே அது எதையும் சொல்லவில்லை. மாற்றி எழுதியது: 'எட்டு வாரத்தில் இரு முறைகளுக்கும் இடையே ஹீமோகுளோபின் உயர்வில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை, தினசரி முறையின் கூடுதல் பலன் 0.3 கிராம் வரை இருக்கக்கூடும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களில் வயிற்றுத் தொல்லை குறைவு.' இது ஆங்கிலத்தில் 30 சொல்லில் முடியும். மொத்தம் இப்போது 35, 85, 95, 30. கூட்டினால் 245.

இந்தக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. சொல் குறைக்கும்போது முதலில் பலியாகும் சிறு சொற்கள் 'கூடும்', 'இந்த ஆய்வில்', 'தெளிவான' போன்றவை. வெறும் அலங்காரமாகத் தெரியும், ஆனால் கூற்றின் எல்லையைப் பிடித்து வைத்திருப்பவை அவை. 'தெளிவான வேறுபாடு தெரியவில்லை' என்பதில் 'தெளிவான' போய், 'தெரியவில்லை' என்பது 'இல்லை' ஆனால், நாம் நிரூபிக்காத ஒன்றைச் சொன்னவர்களாகிவிடுவோம். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பழைய வாக்கியத்தையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்து, புதியது பழையதைவிட உறுதியாகப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பேசினால் அந்தச் சொல்லைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

குறுக்கெழுத்துகளால் இடம் மிச்சப்படுத்துவதும் ஓரளவுக்குத்தான் உதவும். துறையில் எல்லாருக்கும் தெரிந்தவற்றில் தவறில்லை. தானே உருவாக்கிய மூன்றெழுத்துப் பெயர்களை நான்கைந்து இடத்தில் தூவினால், படிப்பவர் ஒவ்வொரு முறையும் மேலே போய் அர்த்தம் தேடுவார். ஒரு நாளில் எத்தனையோ சுருக்கங்களை மதிப்பிடுகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

இனி எண் சரிபார்ப்பு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் ராய் பிட்கினும் உடனுழைப்பாளர்களும் 1999இல் ஆறு பெரிய மருத்துவ இதழ்களின் கட்டுரைகளைச் சோதித்தார்கள். சுருக்கத்தில் உள்ள தகவல் கட்டுரையின் உள்ளே உள்ளதோடு பொருந்தாமலோ, உள்ளே இல்லாமலோ இருந்த கட்டுரைகள், இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. ஆசிரியர் குழுவும் மதிப்பீட்டாளர்களும் பார்த்து அனுப்பிய இதழ்களிலேயே இந்த நிலை. நள்ளிரவில் வெட்டிய மாநாட்டுச் சுருக்கத்துக்கு இன்னும் கவனம் வேண்டாமா? சுருக்கத்தை அச்செடுத்து, அதில் வரும் ஒவ்வொரு எண்ணையும் முடிவு அட்டவணையில் தேடிக் கண்டதும் பென்சிலால் டிக் போடுங்கள். டிக் விழாத எண் ஒன்று இருந்தாலும் அனுப்பக் கூடாது. சதவீதங்களைக் கையால் மறுபடி வகுத்துப் பாருங்கள். இந்த வேலையை ஆய்வில் சேராத நண்பர் செய்தால் இன்னும் நல்லது. எழுதியவர் கண்ணுக்கு 1.6 இருக்க வேண்டிய இடத்தில் 1.9 இருந்தாலும் 1.6 ஆகவே தெரியும்.

கடைசி ஆபத்து படிவத்தில் ஒட்டும்போது வருகிறது. வேர்டு கோப்பில் மைக்ரோகிராமைக் குறிக்கும் கிரேக்க எழுத்தை 'சிம்பல்' எழுத்துருவில் அடித்திருந்தால், அது வெற்று எழுத்தாக மாறும்போது சாதாரண m ஆகிவிடக்கூடும். µg என்று எழுதியது mg ஆகிவிடும், அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். மேலெழுத்தும் அப்படித்தான். 10⁹ என்பது 109 ஆகத் தட்டையாகிவிடும். சில படிவங்கள் < என்ற குறியை இணையப் பக்கத்தின் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வரும் சொற்களை விழுங்கிவிடும். இவை எதையும் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் காட்டாது, ஏனென்றால் mg என்பதும் 109 என்பதும் பிழையற்ற எழுத்துகள்தான்.

சொல் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறும். வேர்டு இடைவெளியை வைத்து எண்ணுகிறது; n=88 என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், n = 88 என்று பிரித்தால் மூன்று. மாநாட்டுப் படிவம் வேறு விதமாக எண்ணலாம். சில மாநாடுகள் சொல்லை விட்டு எழுத்துகளை எண்ணுகின்றன, சில அட்டவணையையும் கணக்கில் சேர்க்கின்றன. நம் சுருக்கம் 250இல் நிற்காமல் 245இல் நின்றது இதற்கு உதவும். முடிந்தால் கடைசி நாளுக்கு முன்பே ஒரு முறை படிவத்தில் ஒட்டி, அது காட்டும் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் முன் பெரும்பாலான தளங்கள் ஒரு முன்னோட்டப் பக்கம் காட்டும். எண்களோடு ஒப்பிட வேண்டியது உங்கள் வேர்டு கோப்பை அல்ல, அந்தப் பக்கத்தை. அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அதை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சுருக்கத்தை மட்டும் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள், முடிவு அட்டவணையையும் சேர்த்துக் கேளுங்கள்.